மூன்று முடிவுகள், பதினொரு துண்டுகள்: ஒரு கிளைக் கதைக் காணொலியைத் திட்டமிட்ட விதம்

பின்னணி

தொலைபேசி வழியே நடக்கும் வங்கி மோசடி பற்றி முதியவர்களுக்கு விளக்க ஒரு தன்னார்வக் குழு காணொலி எடுக்க விரும்பியது. எழுத்தாளர் ஒருவர், ஒளிப்பதிவும் இயக்கமும் செய்பவர் ஒருவர், படத்தொகுப்பாளர் ஒருவர் என்று சிறிய குழு. முதன்மைப் பாத்திரத்தில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் நடிக்க ஒப்புக்கொண்டிருந்தார். கதைக் கட்டமைப்பை ஒழுங்குசெய்ய என்னை அழைத்தார்கள்.

அறிவுரை சொல்லும் காணொலிகள் ஏற்கெனவே ஏராளம். இதில் பார்ப்பவரே முடிவெடுக்க வேண்டும் என்பதுதான் குழுவின் எண்ணம். வீட்டில் தனியாக இருக்கும் ஓர் அம்மாவுக்கு அழைப்பு வருகிறது. "உங்கள் வங்கியிலிருந்து பேசுகிறேன், இன்றே உங்கள் அட்டை முடக்கப்படும்" என்கிறது ஒரு குரல். அடுத்து அவர் என்ன செய்ய வேண்டும் என்று திரை கேட்கும். பார்ப்பவர் தொடும் விடைக்கு ஏற்பக் கதை நகரும்.

வெளியிடும் தளம் யூடியூப் என்று முன்பே தீர்மானமாகியிருந்தது. பார்ப்பவர்கள் புதிய செயலி எதையும் நிறுவ வேண்டியிருக்கக் கூடாது என்பது அதற்குக் காரணம். மோசடி பற்றிய காணொலிக்கு இந்தக் காரணம் முற்றிலும் பொருந்துகிறது. ஆனால் அந்தத் தீர்மானம் கதையின் வடிவத்தையே கட்டுப்படுத்தியது.

முதல் வரைவில் கண்டவை

எழுத்தாளர் தந்த முதல் வரைவில் ஐந்து கட்டங்கள் இருந்தன. ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு வழிகள், எந்த வழியும் இன்னொன்றோடு சேரவில்லை. காகிதத்தில் மரம் போல அழகாகத்தான் விரிந்தது. எண்ணிப் பார்த்தபோதுதான் அதன் அளவு தெரிந்தது: 1, 2, 4, 8, 16, 32 என்று பெருகி மொத்தம் 63 துண்டுகள், அவற்றில் 32 முடிவுகள். ஒரு துண்டு ஒரு நிமிடம் என்று வைத்தாலும் ஒரு மணி நேரத்துக்கும் மேலான படம் எடுக்க வேண்டும். ஒருவர் ஒருமுறை பார்ப்பதோ அதில் ஆறு நிமிடம் மட்டுமே. இரண்டு நாள் படப்பிடிப்புக்குத்தான் வசதி இருந்தது.

செலவைவிட என்னை அதிகம் உறுத்தியது வேறொன்று. அந்த 32 முடிவுகளையும் ஒவ்வொரு வரியில் எழுதித் தரும்படி எழுத்தாளரிடம் கேட்டேன். ஒன்பதோ பத்தோ எழுதியதும் அவை ஒன்றுபோல ஆகத் தொடங்கின. பணம் போகிறது, கொஞ்சம் போகிறது, போகவில்லை. மற்றவை எல்லாம் இந்த மூன்றின் சாயல்களே. ஆக, கதைக்கு உண்மையில் மூன்று முடிவுகள்தான் இருந்தன. மீதி 29 கிளைகள் வரைபடம் விரிந்த வேகத்தில் தாமாக முளைத்தவை.

முடிவிலிருந்து பின்னோக்கி

எனவே தாளைத் திருப்பி, வலது ஓரத்தில் மூன்று முடிவுகளை மட்டும் முதலில் எழுதினோம்.

மு1: பணம் முழுவதும் பத்திரம்.
மு2: ஒரு பகுதி போய்விட்டது, மீதி காப்பாற்றப்பட்டது.
மு3: கணக்கு காலி.

பிறகு ஒவ்வொன்றிடமும் ஒரே கேள்வியைக் கேட்டோம்: இதற்கு நேர் முன்னால் அந்த அம்மா செய்த எந்தச் செயல் இதைக் கொண்டுவந்தது? மு1-க்கு விடை, அட்டையின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு அவர் தானே அழைத்தது. மு2-க்கு விடை, ஏமாந்தது தெரிந்த உடனே வங்கியை அழைத்தது. மு3-க்கு விடை, ஏமாற்றுபவர் சொன்னபடி இணைப்பிலேயே காத்திருந்தது. இப்படி ஒரு செயலைச் சுட்டிச் சொல்ல முடியாத முடிவுக்கு வரைபடத்தில் இடமில்லை என்று வைத்துக்கொண்டோம்.

அந்த விதிக்கு உடனே ஒரு முடிவு பலியானது. வரைவில் ஒரு கிளை, அம்மா தொலைபேசியை வைத்துவிட்டு ஜன்னல் வழியே பார்ப்பதோடு நின்றது. படமாக எடுத்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் பணம் தப்பியதா, வங்கிக்குத் தெரியுமா, ஆபத்து நீங்கியதா என்று எதுவும் அதில் தெரியவில்லை. சாதாரணக் குறும்படத்தில் பார்ப்பவர் அந்த மௌனத்தை ஏற்றுக்கொள்வார். தேர்வு செய்துகொண்டே வந்தவர், அடுத்த பொத்தான் எங்கே என்று தேடுவார்.

வரைபடக் குறிகளை வழக்கப்படியே வைத்தோம். செவ்வகம் காட்சி, சாய்சதுரம் தேர்வு, முனை வளைந்த பெட்டி முடிவு. வளைந்த பெட்டியிலிருந்து கதை அம்பு எதுவும் புறப்படக் கூடாது. "மீண்டும் முயல்க" என்ற இணைப்பு கதையைச் சேராததால் அதற்குப் புள்ளிக்கோடு. இந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். ஆனால் நேர்க்கோட்டு அம்புகளை மட்டும் விரலால் தொடர்ந்து போனால் எந்த வழியும் வளைந்த பெட்டியில் முடிந்தாக வேண்டும் என்பதால், எங்கேனும் வழி தொங்கி நின்றாலோ சுற்றிச் சுற்றி வந்தாலோ உடனே கண்ணில் படும்.

இறுதியில் கிடைத்த வரைபடம்

1. அழைப்பு வருகிறது. பேச்சைத் தொடர்ந்தால் 2. துண்டித்தால் 3அ.
2. அழைத்தவர் அட்டை எண்ணைத் தானே முழுவதும் வாசித்து நம்பிக்கை பெறுகிறார், ஓடிபி வருகிறது. சொன்னால் 5அ. சொல்லாமல் துண்டித்தால் 3ஆ.
3அ, 3ஆ. அட்டை நிஜமாகவே முடங்கிவிடுமோ என்ற கவலை. பின்புற எண்ணுக்கு அழைத்தால் மு1. வந்த எண்ணுக்கே திரும்ப அழைத்தால் 4.
4. அதே குரல், இம்முறை "உதவிச் செயலி" ஒன்றை நிறுவச் சொல்கிறது. நிறுவினால் 5ஆ. மறுத்துப் பின்புற எண்ணுக்கு அழைத்தால் மு1.
5அ, 5ஆ. பணம் எடுக்கப்பட்ட குறுஞ்செய்தி வருகிறது. வங்கியை அழைத்தால் முறையே மு2அ, மு2ஆ. "தவறுதலாக நடந்துவிட்டது, பணத்தைத் திருப்பித் தருகிறேன்" என்பதை நம்பி இணைப்பில் இருந்தால் இரண்டுக்கும் மு3.

மொத்தம் 11 துண்டுகள், ஏழு தேர்வுகள். பார்ப்பவர் போகக்கூடிய வழிகள் பத்து. மிக நீண்ட வழியில் போகிறவருக்கு முதல் வரைவில் இருந்தது போலவே ஐந்து தேர்வுகள் கிடைக்கின்றன. கிளைகளைச் சேர்த்ததால் அவருக்கு எதுவும் குறையவில்லை.

வழிகள் சேரும் இடத்தில் வந்த சிக்கல்

கிளைகளைப் பிரிப்பது எளிது. சேர்ப்பதில்தான் வேலை இருக்கிறது. நான் அதிக நேரம் செலவிட்டதும் இங்கேதான்.

யூடியூபில் ஒவ்வொரு துண்டும் தனித்தனிக் காணொலி. ஒன்றின் இறுதித் திரையிலிருந்து அடுத்ததற்கு இணைப்பு தருகிறோம், அவ்வளவுதான். பார்ப்பவர் எந்த வழியாக வந்தார் என்பது அடுத்த துண்டுக்குத் தெரியாது. நினைவில் வைத்திருக்கும் வேலையை மென்பொருள் செய்யாதபோது வரைபடம்தான் அதைச் செய்ய வேண்டும். அதற்காக ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு நுழைவுக் குறிப்பு எழுதினோம். உள்ளே வரும்போது அம்மாவுக்கு என்ன தெரியும், தொலைபேசியில் என்ன இருக்கிறது, எதை ஏற்கெனவே இழந்துவிட்டார் என்று மூன்று வரிகள். இரண்டு அம்புகள் ஒரே துண்டில் சேர்ந்தால், இரு பக்கத்துக் குறிப்புகளையும் பக்கத்தில் வைத்துப் படித்தோம்.

துண்டு 3 முதலில் ஒன்றாகவே இருந்தது. 1-லிருந்து வருபவர் பேசவே இல்லை. 2-லிருந்து வருபவருக்கு ஓடிபி வந்து திரையில் நிற்கிறது, தன் அட்டை எண் யாருக்கோ தெரியும் என்ற பயமும் இருக்கிறது. ஒரே முகபாவம் இரண்டுக்கும் பொருந்தாது. அதனால் 3அ, 3ஆ என்று பிரித்தோம். இரண்டும் ஒரே அறையில், ஒரே நாற்காலியில் எடுக்கக்கூடியவை என்பதால் கூடுதல் உழைப்பு அதிகமில்லை.

மு1-இல் பிரிக்கவில்லை, வசனத்தை மாற்றினோம். முதலில் வங்கி ஊழியர் "உங்களுக்கு ஓடிபி வந்ததா?" என்று கேட்பதாக இருந்தது. "வந்தது, சொல்லவில்லை" என்ற விடை, முதலிலேயே துண்டித்தவருக்குப் பொய்யாகிவிடும். "எந்த எண்ணையும் யாரிடமும் சொல்லவில்லையே?" என்று கேட்டு, "சொல்லவில்லை" என்று அம்மா விடை தந்தால் மூன்று இடங்களிலிருந்து வருபவருக்கும் அது உண்மை. துண்டு 4-இலும் இதே போன்ற இடம் ஒன்று இருந்தது. "புதிய எண் அனுப்புகிறேன்" என்று தொடங்கிய வசனம் 3அ வழியாக வந்தவருக்குப் புரியாது, அவருக்குப் பழைய எண் என்று ஒன்று வரவே இல்லை. அந்தச் சொற்களை எடுத்துவிட்டோம்.

இவை எல்லாம் தொடர்ச்சிப் பிழைகள். பார்ப்பவர் முகம் சுளிப்பார், அதோடு போய்விடும். துண்டு 5-இல் இருந்தது அப்படிப்பட்டதல்ல. ஓடிபி சொன்னவரையும் செயலியை நிறுவியவரையும் ஒரே துண்டுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து ஒரே மு2-க்கு அனுப்பியிருந்தோம். மு2-இல் ஊழியர் அட்டையை முடக்கிவிட்டு "இனிக் கவலையில்லை" என்பார். வங்கி மோசடிப் புகார்ப் பிரிவில் முன்பு பணியாற்றிய ஒருவரிடம் வரைபடத்தைக் காட்டியபோது அவர் விரல் நேராக அந்தப் பெட்டியில் வந்து நின்றது. தொலைவிலிருந்து திரையைப் பார்க்கவும் இயக்கவும் விடும் செயலி தொலைபேசியில் இருக்கும்வரை, அட்டையை மட்டும் முடக்குவது போதாது. முதலில் அந்தத் தொலைபேசியின் இணைய இணைப்பைத் துண்டிக்க வேண்டும், வேறொரு தொலைபேசியிலிருந்து வங்கியை அழைக்க வேண்டும், செயலியை நீக்க வேண்டும், கடவுச்சொற்களை மாற்ற வேண்டும். ஒரு பெட்டியை மிச்சப்படுத்தியதால் பார்ப்பவருக்குத் தவறான பாதுகாப்பு உணர்வைக் கற்றுக்கொடுத்திருப்போம். 5-ஐயும் மு2-ஐயும் அன்றே இரண்டிரண்டாகப் பிரித்தோம்.

மு3 மட்டும் ஒன்றாகவே நின்றது. அது மறுநாள் காலையில், கணக்கில் மீதியில்லை என்று அம்மா பார்ப்பதில் தொடங்குகிறது. பணம் எந்த வழியாகப் போனது என்று அங்கே யாரும் சொல்வதில்லை, இரு வழிகளுக்கும் அது பொருந்துகிறது. காலத்தைத் தாண்டிக் குதிப்பது வழிகளைச் சேர்க்க நல்ல உத்தி என்பது என் அனுபவம்.

படப்பிடிப்புக்கு முன் எழுத்தில் சோதனை

காட்சி எடுப்பதற்கு முன்பே கதையை ட்வைன் என்ற இலவச மென்பொருளில் வெறும் எழுத்தாக ஏற்றினோம். அதில் ஒரு துண்டு இப்படி இருந்தது:

```
:: 3ஆ
அழைப்பைத் துண்டித்துவிட்டார். ஓடிபி இன்னும் திரையில் இருக்கிறது.
[[அட்டையின் பின்புற எண்ணுக்கு அழை->மு1]]
[[வந்த எண்ணுக்கே திரும்ப அழை->4]]
```

கதை தெரியாத சிலரை இதைப் படித்துத் தேர்வு செய்யச் சொன்னோம். நாங்கள் கவனித்தது அவர்கள் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதைவிட, எங்கே தயங்கினார்கள் என்பதை. "கவனமாக இரு" என்று ஒரு தேர்வு இருந்தது. அதைத் தொட்டால் அம்மா என்ன செய்வார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அதற்கு மாறாக, "ஏமாற்றுக்காரரிடம் பேசு" என்பது விடையையே சொல்லிவிட்டது, அதை யாரும் தொடவில்லை. தேர்வு ஒவ்வொன்றும் கண்ணால் பார்க்கக்கூடிய செயலாக இருக்க வேண்டும், எது சரி என்பதைச் சொற்கள் காட்டிக்கொடுக்கக் கூடாது என்ற அளவுகோலோடு பதினான்கு பொத்தான்களின் வாசகங்களையும் திருத்தினோம்.

முடிவுகளிலும் ஒரு குறை தெரிந்தது. மு2அ-வைப் படித்து முடித்த ஒருவர், "இது நல்ல முடிவா, கெட்ட முடிவா?" என்று கேட்டார். அதன்பின் ஒவ்வொரு முடிவிலும் மூன்று செய்திகள் திரையில் வர வேண்டும் என்று வைத்தோம். கதை முடிந்துவிட்டது என்ற அட்டை, பணத்தின் நிலை, அதைத் தீர்மானித்த செயல். மு1-க்கு மூன்று இடங்களிலிருந்து வருவதால் தொடக்கத் தேர்வுகளைப் பற்றி அங்கே எதுவும் சொல்லவில்லை. மூன்றுக்கும் பொதுவான கடைசிச் செயலை மட்டும் சொன்னோம்.

படப்பிடிப்பும் பதிவேற்றமும்

யூடியூபின் இறுதித் திரை காணொலியின் கடைசி 5 முதல் 20 விநாடிகளில்தான் வரும். அதில் அதிகபட்சம் நான்கு இணைப்புகள் வைக்கலாம், காணொலியும் குறைந்தது 25 விநாடி நீளம் இருக்க வேண்டும். எனவே ஒவ்வொரு துண்டின் முடிவிலும் 15 விநாடிக் காத்திருப்புக் காட்சி எடுத்தோம். அம்மா தொலைபேசியைப் பார்த்தபடி யோசிக்கிறார், வசனம் இல்லை. திரையின் இரு பக்கமும் பொத்தான்களுக்காக வெறுமையாக இருக்கும்படி அவரை நடுவில் உட்கார வைத்தோம். இதைத் திட்டத்தில் எழுதாமல் படத்தொகுப்பு மேசைக்கு வந்தால், பொத்தான் முகத்தின் மேல்தான் விழும்.

படம் பிடித்த வரிசைக்கும் கதை வரிசைக்கும் தொடர்பில்லை. பகல் காட்சிகளை எல்லாம் சேர்த்து எடுத்தோம், மு3-இன் மறுநாள் காலையைத் தனியாக எடுத்தோம். ஒவ்வொரு ஷாட்டின் தொடக்கத்திலும் துண்டின் பெயரை எழுதிக் காட்டினோம். நடிப்பவருக்கு நுழைவுக் குறிப்பு பெரிதும் உதவியது. எங்கிருந்து வந்து இங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பது அதில் இருந்தது. சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிவிட்டோம். இரண்டு துண்டுகள் பார்த்தவரும் நான்கு துண்டுகள் பார்த்தவரும் ஒரே மு1-க்கு வரும்போது எந்த நேரத்தைக் காட்டினாலும் ஒருவருக்குத் தவறாகவே இருக்கும்.

இறுதித் திரையில் இணைப்பாகத் தெரிவது அந்தக் காணொலியின் முகப்புப் படம். ஆகவே முகப்புப் படத்திலேயே தேர்வு வாசகத்தைப் பெரிய எழுத்தில் வைத்தோம், அதுவே பொத்தானாக ஆனது. தலைப்புகளில் "முடிவு" என்றோ "கணக்கு காலி" என்றோ எழுதவில்லை. தலைப்பு கண்ணில் பட்டால் தேர்வு அர்த்தமிழந்துவிடும். இதில் ஓர் இடைஞ்சல் உண்டு: ஒரு காணொலிக்கு முகப்புப் படம் ஒன்றுதான். மூன்று இடங்களிலிருந்து மு1-க்கு வரும் பொத்தான்களில் ஒரே வாசகம்தான் இருக்க முடியும். "அட்டையின் பின்புற எண்ணுக்கு அழை" என்பது மூன்று இடத்திலும் பொருந்தியது. செயலை முடிவோடு கட்டி வைத்திருந்ததன் பயன் இங்கே நேரடியாகத் தெரிந்தது.

பதிவேற்றமும் பின்னோக்கியே நடந்தது. இருக்கும் காணொலிக்குத்தான் இணைப்பு தர முடியும் என்பதால் முதலில் நான்கு முடிவுத் துண்டுகள், பிறகு 5அ, 5ஆ, அடுத்து 4 என்று வந்து, கடைசியில் 1. எல்லாம் ஏறிய பின் புள்ளிக்கோடுகளைப் போட்டோம். மு3-க்கு மூன்று இணைப்புகள் தந்தோம்: தொடக்கத்துக்கு, எண் கேட்கப்பட்ட 2-க்கு, செயலி கேட்கப்பட்ட 4-க்கு. எந்த வழியாக வந்தார் என்பது தளத்துக்குத் தெரியாவிட்டாலும் பார்ப்பவருக்குத் தெரியும்.

பின்னர் நடந்தது

வெளியிட்ட பிறகு மு2ஆ-வில் ஒலி சில இடங்களில் தேய்ந்து கேட்பதாகப் புகார் வந்தது. யூடியூபில் காணொலியை அதே முகவரியில் மாற்றிப் போட முடியாது. திருத்தியதைப் புதிதாக ஏற்ற வேண்டும், அதை நோக்கும் இறுதித் திரைகளை எல்லாம் திருத்த வேண்டும். வரைபடத்தைப் பார்த்தோம். மு2ஆ-வுக்கு வரும் அம்பு ஒன்றே ஒன்று, 5ஆ-விலிருந்து. ஒரே திருத்தத்தில் வேலை முடிந்தது. மு1 என்றால் மூன்றைத் திருத்தியிருக்க வேண்டும். அதிகமான அம்புகள் வந்து சேரும் துண்டை அதிகக் கவனத்தோடு சரிபார்த்து ஏற்ற வேண்டும் என்பதை அன்றே குறித்துக்கொண்டோம்.

முதியவர்களின் கூட்டங்களில் காட்டியபோது, பலர் முதலில் வேண்டுமென்றே தவறான வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். என்ன ஆகும் என்று பார்க்கும் ஆவல். கணக்கு காலி என்று வந்ததும் அறையில் பேச்சு எழுந்தது, பிறகு புள்ளிக்கோட்டின் வழியே திரும்பிப் போய்ச் சரியான வழியைத் தேடினார்கள். தனியாகப் பார்த்தவர்களிடம் வேறொரு தொல்லை இருந்தது. 15 விநாடிக்குள் தொடாவிட்டால் எந்தத் துண்டுக்குப் போக வேண்டும் என்று தளத்திடம் சொல்லி வைக்க வழியில்லை. தானியங்கி இயக்கம் செயலில் இருந்தால் தொடர்பே இல்லாத காணொலி ஓடத் தொடங்கிவிடும். "வீடியோவை நிறுத்திவைத்தும் யோசிக்கலாம்" என்ற வரியைத் துண்டு 1-இன் விளக்கத்தில் சேர்த்தோம். அது ஓரளவுதான் உதவியது.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

காத்திருப்புக் காட்சியை 20 விநாடியாக எடுக்கச் சொல்வேன். முதியவர்களுக்கு இரண்டு வாசகங்களைப் படித்து, விரலைக் கொண்டுபோய்த் தொட 15 போதவில்லை.

இன்னொன்று வரைபடத்தின் உள்ளேயே இருக்கிறது. முதல் தேர்வில் உடனே துண்டித்து, பின்புற எண்ணுக்கு அழைப்பவர் 1, 3அ, மு1 என்று மூன்றே துண்டுகளில் முடித்துவிடுகிறார். சரியாக நடந்துகொண்டவர்தான் மிகக் குறைவாகப் பார்க்கிறார். அட்டை எண்ணை வாசித்து நம்பிக்கை பெறும் தந்திரத்தையோ, உதவிச் செயலி என்ற வலையையோ அவர் காண்பதே இல்லை. குறுகிய வழியை நீட்டுவது சரியாகாது, சரியான செயல் எளிதாகவும் விரைவாகவும் முடிவதாகவே காட்ட வேண்டும். மு1-இன் இறுதித் திரையில் மூன்று இடங்கள் காலியாக இருக்கின்றன. அவற்றில் ஒன்றிலிருந்து துண்டு 2-க்குப் புள்ளிக்கோடு போட முடியும், ஆனால் 2-இன் முகப்புப் படத்தில் இருக்கும் "பேச்சைத் தொடர்" என்ற வாசகம் அங்கே பொருந்தாது. ஆகவே "தொடர்ந்து பேசியிருந்தால்?" என்ற முகப்புப் படத்தோடு, அரை நிமிடத்தில் காட்சியை நினைவூட்டி 2-க்கு அனுப்பும் ஓர் இணைப்புத் துண்டு வேண்டும். வரைபடத்தில் பன்னிரண்டாவது பெட்டியாக அதை வரைந்து வைத்திருக்கிறோம்.